செய்த வேலைக்குச் சான்று கோரும் மனு

அனுப்புநர்:
லக்ஷ்மிபாய் நகர்ப் பகுதியில் வேலை செய்யும் தமிழ்க் கொத்தனார், பிளம்பர், பெயிண்டர்களின் சங்கம், புது தில்லி – 110023.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள், குடியிருப்புப் பராமரிப்புப் பிரிவு, மத்திய பொதுப்பணித் துறை, புது தில்லி.

நகல்: தொழிலாளர் துறை, தில்லி அரசு, தில்லி கட்டடத் தொழிலாளர் நல வாரியம்.

பொருள்: கட்டடத் தொழிலாளர்கள் செய்து முடித்த வேலைகளைக் கொண்டே அவர்களுடைய பணிக்குறிப்பைத் தயாரிக்கவும், அதை அலுவலகப் பதிவோடு ஒப்பிட்டு முத்திரையிட்டுத் தரவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

துறையின் பெரிய வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி போடும் டேக்கேதாரிடம், இதற்கு முன் இதே மாதிரி வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்கிறீர்கள். கடந்த 7 ஆண்டுகளில், மதிப்பீட்டில் 40 விழுக்காடு மதிப்புள்ள மூன்று வேலைகள், அல்லது 60 விழுக்காட்டில் இரண்டு, அல்லது 80 விழுக்காட்டில் ஒன்று என்பது வழக்கமான நிபந்தனை. அவர் வேலை முடிப்புச் சான்றிதழ்களைக் கொண்டுவந்து வைக்கிறார். எந்த இடம், என்ன வேலை, எப்போது முடிந்தது என்று பொறியாளர் கையெழுத்திட்ட தாள்கள் அவை. அந்தச் சுவரில் கரணை பிடித்தவரும் குழாய் இழுத்தவரும் பிரஷ் பிடித்தவரும் அடுத்த இடத்தில் வேலை கேட்டுப் போகும்போது காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை. ஒரே வேலை டேக்கேதாருக்குச் சான்றாகிறது, எங்களுக்கு ஆவதில்லை. இதைச் சரிசெய்யவே இந்த மனு.

இதனால் என்ன இழப்பு என்பதை உறுப்பினர் ஒருவரின் கதையிலிருந்து சொல்கிறோம். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், 44 வயது. சித்தாளாகத் தில்லிக்கு வந்து கொத்தனார் ஆனவர். போன வருடம் ஒரு டேக்கேதாரிடம் போய், "இருபது வருஷ அனுபவம், எல்லா வேலையும் தெரியும்" என்றார். அப்படிச் சொல்பவர்கள் லேபர் சௌக்கில் தினம் நூறு பேர் நிற்கிறார்கள் என்று சொல்லி, சித்தாள் கூலிக்கு வருகிறாயா என்று கேட்டார் டேக்கேதார். தில்லி அரசு 2025 ஏப்ரல் முதல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, திறன் பெறாதவருக்கு மாதம் 18,456 ரூபாய், திறன் பெற்றவருக்கு 22,411 ரூபாய். காட்ட ஒரு தாள் இல்லாததால் அவருக்கு மாதம் 3,955 ரூபாய் போனது.

பணிக்குறிப்பு எழுத அவரோடு இரண்டு மாலை உட்கார்ந்தோம். எந்த வருடம் எங்கே வேலை என்று நேரடியாகக் கேட்டால் அவருக்கு நினைவு வரவில்லை. மகள் பிறந்தபோது எங்கே இருந்தீர்கள், நோட்டு செல்லாமல் போன மாதம் யார் கூலி கொடுத்தார், ஊரடங்கு போட்ட அன்று எந்தச் சாரத்தில் நின்றீர்கள் என்று கேட்டோம். வரிசை பிடிபட்டது. காமன்வெல்த் போட்டிக்கு முந்தைய வருடம் கரணை கைக்கு வந்தது. 2016 நவம்பரில் கோட்லா முபாரக்பூரில் ஒரு வீட்டின் மூன்றாவது மாடிச் செங்கல் வேலை. பிறகு அவருடைய போனில் இருந்த படங்களின் தேதியையும் மேஸ்திரி அனுப்பிய பணத்தின் தேதியையும் ஒட்டிப் பார்த்தோம். நினைவில் இரண்டு மாதம் பிசகியிருந்த இடங்கள் திருந்தின. எந்தச் சான்றும் கிடைக்காத வேலைகளைத் தாளில் சேர்க்கவில்லை. இருபது வருடம் நான்கு இடங்களாகச் சுருங்கியது. அந்த நான்கும் போய்ப் பார்க்கக்கூடியவை.

அதில் ஒரு பதிவை அப்படியே தருகிறோம்:

"இடம்: லக்ஷ்மிபாய் நகர் மாடிக் குவார்ட்டர்ஸ், ஆறு குளியலறை. காலம்: 2023 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. வேலை: பழைய தரையை உடைத்து, கசிவுத் தடுப்புப் பூச்சு போட்டு, டைல்ஸ் ஒட்டியது. என் பங்கு: வாட்டம் எடுத்ததும் டைல்ஸ் ஒட்டியதும் நான். உடைத்ததும் சுமந்ததும் சித்தாள் இருவர். கசிவுப் பூச்சு வேறு ஆள். சரிபார்க்க: பிளாக், குவார்ட்டர் எண், புகார் எண்."

அந்தத் தாளோடு மறுபடி போனபோது, இதில் 'என் பங்கு' என்ற வரிதான் டேக்கேதாரின் நம்பிக்கையைப் பெற்றது. எல்லாம் நானே என்று எழுதுபவரை யாரும் நம்புவதில்லை. கசிவுப் பூச்சு வேறு ஆள் என்று ஒருவர் தாமே எழுதினால், மிச்சத்தை அவர் செய்திருப்பார் என்று தோன்றும். டேக்கேதாரின் சூப்பர்வைசர் குடியிருப்பவரிடம் அனுமதி வாங்கி ஒரு குளியலறைக்குள் போனார். மூலையில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டினார். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வாட்டம் சரியாக இருந்ததால், தண்ணீர் எங்கும் தேங்காமல் ஜாலியை நோக்கி ஓடியது. பிறகு ஒரு காசால் டைல்ஸை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். அடியில் கலவை நிறையாத டைல்ஸ் வெற்றோசை தரும். இரண்டு டைல்ஸ் மட்டும் அப்படி ஒலித்தன. கீழ்வீட்டு உட்கூரையில் ஈரக்கறை இல்லை. கால் மணி நேரத்தில் சோதனை முடிந்தது. மறுநாள் கொத்தனார் கூலிக்கே அழைத்துக்கொண்டார்கள்.

இந்த வழி எல்லாருக்கும் இவ்வளவு எளிதாக அமையவில்லை. பிளம்பரின் வேலை சுவருக்குள் புதைந்துவிடுகிறது. பூச்சு மூடுவதற்கு முன், அழுத்தச் சோதனையின் அளவுமானி தெரியும்படி படம் எடுத்தால்தான் அவரிடம் சான்று இருக்கும். பழைய வேலைகளுக்கு அப்படிப் படம் எடுத்தவர்கள் எங்களில் மிகச் சிலர். பெயிண்டரின் வேலை அடுத்த வெள்ளையடிப்பில் மறைந்துவிடுகிறது. அவருக்கு ஐந்து வருடத்துக்கு முந்தைய இடத்தைக் காட்டுவதைவிட, இரண்டு மழைக்காலம் கண்ட ஒரு வெளிச்சுவர் போதும். உப்புப் பூத்திருக்கிறதா, செதில் எழும்பியிருக்கிறதா என்று பார்த்தால் பட்டியும் பிரைமரும் எப்படிப் போட்டார் என்பது தெரிந்துவிடும்.

இங்கே வேறொரு சிக்கலும் உண்டு. அரசு குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர் மாற்றலாகிப் போய்விடுகிறார். அவர் பெயரையும் போன் எண்ணையும் சாட்சியாக எழுதினால் இரண்டு வருடத்தில் அது செத்த எண். சம்மதம் இல்லாமல் பிறர் எண்ணை எழுதித் திரிவதும் முறையல்ல. மாறாமல் இருப்பவை பிளாக் எண்ணும், குவார்ட்டர் எண்ணும், என்கொயரி அலுவலகத்தில் பதிவான புகார் எண்ணும்தான். ஆகவே எங்கள் பணிக்குறிப்புக்கு உயிர் உங்கள் பதிவேட்டில்தான் இருக்கிறது. நேதாஜி நகரிலும் நவ்ரோஜி நகரிலும் பழைய குவார்ட்டர்ஸ் மறுசீரமைப்புக்காக இடிக்கப்பட்டன. அங்கே பூச்சு வேலை செய்தவர்களிடம் காட்டுவதற்குச் சுவரே இல்லை.

இடம் போவது போலவே ஆளும் இடம் மாறுகிறார். ஜங்புராவில் இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கே நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்றார்கள். எங்கள் உறுப்பினர்கள் சிலர் அங்கிருந்து போனவர்கள். கேம்ப் பக்கத்துப் பாலத்தடியில் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மேஸ்திரிகளும் வீட்டுக்காரர்களும்தான் அதுவரை அவர்களுடைய சான்று. நகரின் வடக்கு ஓரத்துக்குப் போனவருக்கு அந்த முகப்பழக்கம் கூடவே வரவில்லை. தாளில் எழுதி முத்திரை பெற்றிருந்தால் அது கூடவே போயிருக்கும்.

நாங்கள் கேட்பது புதிய சலுகை அல்ல. 1971 ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகளின்படி, எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் ஒப்பந்ததாரர் படிவம் 15-இல் பணிச் சான்று தரவேண்டியிருந்தது. வேலையின் தன்மை, இடம், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, கூலி விகிதம் எல்லாம் அதில் இருந்தன. துறையின் ஒப்பந்த நிபந்தனைகளில் சேர்ந்திருக்கும் தொழிலாளர் ஒழுங்குமுறையிலும் இதே சான்றுக்கு இடம் உண்டு. அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் ஒருவரும் எங்கள் சங்கத்தில் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ, தொழிலாளி கேட்டால் அனுபவச் சான்று தரவேண்டும் என்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி பொருந்தும் வரம்பும் 20 பேரிலிருந்து 50 பேராக உயர்ந்திருக்கிறது. கேட்டால் நாளை வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர் கேட்கமாட்டார். எங்களில் பலரை வைத்திருப்பவர்களும் பத்துப் பேர் கொண்ட சிறு டேக்கேதார்கள்தான். எனவே சட்டத்தோடு நில்லாமல், உங்கள் ஒப்பந்த நிபந்தனையால் இதைச் செய்ய வேண்டுகிறோம்.

எங்கள் முதல் கோரிக்கை, ஒவ்வொரு ஒப்பந்த வேலையும் முடியும்போது இறுதிப் பில்லோடு, வேலை செய்தவர்களின் பணிச் சான்று நகல்களையும் டேக்கேதார் இணைக்கவேண்டும் என்பது. இவை இல்லாமல் பில் முழுமையாகாது என்ற ஒரு வரி போதும். ஆள் எண்ணிக்கை எத்தனையானாலும் இது பொருந்தவேண்டும்.

இரண்டாவது, பராமரிப்பு வேலைகளுக்கானது. புகாரை முடித்து வைக்கும்போது வேலை செய்தவரின் பெயரையும் தொழிலையும் குறிக்கவேண்டும். அவர் கேட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலாக எடுத்து முத்திரையிட்டுத் தரவேண்டும். எங்காவது குவார்ட்டர்ஸ் இடிக்கப்படுமானால், அதற்கு முன்பே அங்கே வேலை செய்தவர்களுக்கு இந்தப் பட்டியல் போய்ச் சேரவேண்டும்.

மூன்றாவது, எங்கள் பணிக்குறிப்பைக் கண்டு ஆளைச் சோதிக்க விரும்பும் டேக்கேதார்கள் சோதித்துக்கொள்ளட்டும். நாங்களும் அதையே விரும்புகிறோம். ஆனால் 'ட்ரையல்' என்று சொல்லி ஒரு நாள் முழுக்க வேலை வாங்கிக்கொண்டு கூலி தராமல் அனுப்பும் வழக்கம் நிற்கவேண்டும். சோதனை அரை நாளுக்கு மேல் போகக்கூடாது, அதற்கும் கூலி உண்டு என்று உங்கள் பணியிடங்களிலாவது அறிவிக்கவேண்டும்.

தொழிலாளர் துறைக்கும் நல வாரியத்துக்கும் ஒரு வேண்டுகோள். வாரியத்தில் பதிய, கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்ததைக் காட்டவேண்டியிருக்கிறது. 2024 குளிர்காலத்தில் காற்று மாசுக்காகக் கட்டட வேலைகள் நிறுத்தப்பட்டபோது, உதவித்தொகையான 8,000 ரூபாய் பதிவு செய்தவர்களுக்கே கிடைத்தது. முத்திரையிட்ட பணிக்குறிப்பை அந்த 90 நாளுக்கான ஆதாரமாக ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு கொத்தனார், ஒரு பிளம்பர், ஒரு பெயிண்டர் ஆகிய மூவரின் பணிக்குறிப்புகளைப் பெயரையும் ஆதார் எண்ணையும் மறைத்து இணைத்திருக்கிறோம். மனுவின் இந்தி வடிவமும் இணைப்பில் உள்ளது. குறிப்பிட்டிருக்கும் புகார் எண்களை அலுவலகப் பதிவேட்டோடு ஒப்பிட, தாங்கள் சொல்லும் நாளில் மூவரும் நேரில் வருவார்கள். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஆறுக்குப் பின்போ நேரம் ஒதுக்கித் தரும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி