எந்தப் பிள்ளையார்குப்பம்? கையால் நிரப்பிய சர்வே படிவம் எண்ணாக மாறும்போது என்ன நடக்கிறது

புதுச்சேரியில் பிள்ளையார்குப்பம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று வில்லியனூர் கொம்யூனில், தொண்டமாநத்தம் பக்கம். ராமநாதபுரத்தில் உள்ள ஜிப்மர் கிராமப்புற சுகாதார மையத்தின் பணிப்பகுதியில் அது வருகிறது. இன்னொன்று தெற்கே கடலூர் சாலையில், பாகூர் பக்கம். மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருப்பது இந்த ஊரில்தான். உள்ளூர்க்காரர்களுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. 'எந்தப் பிள்ளையார்குப்பம்?' என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது.

கணினி அப்படிக் கேட்காது. இரண்டு கொம்யூன்களிலும் வீடு வீடாகப் போய் நிரப்பிய படிவங்களில் ஊர் பெயரை மட்டும் வைத்துத் தட்டச்சு செய்தால், இரண்டு ஊர்களும் ஒரே ஊராகிவிடும். வில்லியனூரில் எத்தனை பேருக்கு சர்க்கரை நோய், பாகூரில் எத்தனை பேருக்கு என்று பிரித்துப் பார்க்கும்போது இந்த ஊரின் எண் எந்தப் பக்கம் போனது என்பது யாருக்கும் தெரியாது. இதற்கு எதிரான சிக்கலும் உண்டு. ஒருவர் 'துத்திப்பட்டு' என்றும் இன்னொருவர் 'துத்திபட்டு' என்றும் எழுதினால், கணினி ஒரே ஊரை இரண்டாக எண்ணும்.

செல்போன் செயலியில் சர்வே எடுக்கும் காலம் வந்துவிட்டாலும், மருத்துவக் கல்லூரி மாணவர்களின் ஆய்வு முதல் முனைவர் பட்டத்துக்கான கள ஆய்வு வரை பேனாவும் காகிதமும் இன்னும் போய்விடவில்லை. அந்தக் காகிதத்தை எண் வரிசையாக மாற்றும் வேலைக்குப் பெயர் 'கோடிங்'. மென்பொருள் எழுதுகிற கோடிங் இல்லை இது. ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண் கொடுப்பது, அவ்வளவுதான். ஆனால் முடிவுகள் தடம் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் வீட்டுக்கு ஒரு எண்

கொம்யூனுக்கு ஓர் இலக்கம், ஊருக்கு இரண்டு, வீட்டுக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். வில்லியனூர் 1, பாகூர் 2. பாகூரில் 7-வது ஊரின் 41-வது வீடு என்றால் 207041. தொடக்கத்தில் பூஜ்யம் வராமல் பார்த்துக்கொள்வது முக்கியம். வெறும் 041 என்று அடித்தால் எக்செல் பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 41 என்று வைத்துக்கொள்ளும். எந்த எண் எந்த ஊர், எந்தப் பதில் என்று எழுதி வைக்கும் பட்டியல்தான் 'கோட்புக்'. படிவத்தை அச்சுக்கு அனுப்பும் முன்பே இது தயாராக இருக்க வேண்டும். நடைமுறையில் பலரும் எல்லாப் படிவமும் திரும்பி வந்த பிறகுதான் இதை யோசிக்கிறார்கள்.

ஒரு படிவம், ஒரு வரி

உதாரணத்துக்கு 207041-ம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவருக்கு வயது 52. பீடி பிடிப்பாரா என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்று டிக். எந்த வயதில் தொடங்கினார் என்ற கேள்விக்கு நேராக 'ஞாபகம் இல்லைங்க' என்று கையெழுத்து. நிலம் '60 குழி'. கடன் எங்கே என்ற இடத்தில் 'குழு லோன், நகை அடகு'. இது வரியாக மாறும்போது இப்படி இருக்கும்:

```
hhid,age,smk,smk_age,land_q,land_u,loan_shg,loan_gold,loan_oth
207041,52,1,77,60,2,1,1,0
```

கடனுக்கு மட்டும் மூன்று கட்டங்கள் இருப்பதைக் கவனிக்கலாம். ஒருவர் பல இடத்தில் கடன் வாங்கியிருப்பார். அதை ஒரே கட்டத்தில் '1,2' என்று அடித்தால் பிறகு எண்ணவே முடியாது. '1-2' என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும், அது தனிக்கதை. அதனால் ஒவ்வொரு கடன் வகைக்கும் தனிக் கட்டம்: உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0.

நிலத்துக்கு இரண்டு கட்டங்கள். `land_q` என்பது படிவத்தில் உள்ள 60 என்ற எண். `land_u` என்பது அலகு. இங்கே 2 என்றால் குழி. 'ஏக்கராக மாற்றி ஒரே எண்ணாகப் போட்டால் ஈசியா இருக்குமே' என்று தோன்றும். ஆனால் புதுச்சேரிக் கணக்கில் ஒரு குழி என்பது 24-க்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. காவிரி டெல்டாவில் 100 குழி ஒரு மா என்று சொல்லும் கணக்கில் குழி என்பது 12-க்கு 12 அடி, வெறும் 144 சதுர அடி. முதல் கணக்கில் 60 குழி சுமார் 79 சென்ட். இரண்டாவதில் சுமார் 20 சென்ட். ஒரே விவசாயியின் நிலம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. தட்டச்சு செய்பவர் இணையத்தில் தேடி மனக்கணக்காக மாற்றி அடித்திருந்தால், பிறகு இந்தத் தவறைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எண்ணும் அலகும் தனித்தனியாக இருந்தால் ஒரே சூத்திரத்தில் எல்லா வரிகளையும் திருத்திவிடலாம்.

அந்த 77 என்ன?

உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப்ஸ்' என்ற தொற்றாநோய் ஆய்வுப் படிவத்தில், 'தெரியாது' என்ற பதிலுக்கு 77, 'சொல்ல விருப்பமில்லை' என்பதற்கு 88 என்று வழக்கமாக எண் கொடுக்கிறார்கள். புகைப்பழக்கம் தொடங்கிய வயதைக் கேட்கும் இடத்திலும் 'தெரியாது' என்றால் 77-தான். படிவத்தைப் பார்ப்பவருக்கு அது ஒரு குறியீடு. கணினிக்கு அது 77 வயது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 பேர் புகைப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 35 பேர் வயது சொன்னார்கள், சராசரி 20. மீதி 5 பேர் 'ஞாபகம் இல்லை'. அந்த ஐந்து 77-களையும் சேர்த்து சராசரி எடுத்தால் 27 வருகிறது. பீடி, சிகரெட் 27 வயதில்தான் தொடங்குகிறது என்று அறிக்கை சொன்னால், பள்ளி, கல்லூரிகளில் விழிப்புணர்வுக்குச் செலவழிக்க எந்த அதிகாரி முன்வருவார்? வெறும் ஐந்து படிவங்கள் செய்த வேலை இது.

கண்டுபிடிப்பது கடினம் இல்லை. சராசரிக்குப் போகும் முன்பு ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எண் எத்தனை முறை வந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். 15, 18, 20, 22 என்று போய்க்கொண்டிருக்கும் பட்டியலின் கடைசியில் திடீரென்று 77 என்று ஐந்து பேர் நிற்பார்கள். பார்த்ததுமே தெரிந்துவிடும். பிறகு மென்பொருளிடம் '77-ஐ விடுபட்டதாக எடுத்துக்கொள்' என்று சொன்னால் போதும்.

'அப்போ 77 எதுக்கு, காலியாகவே விட்டுடலாமே?' என்று கேட்கலாம். கட்டம் காலியாக இருக்க மூன்று காரணங்கள் உண்டு. புகைக்காதவரிடம் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அல்லது களப்பணியாளர் கேட்க மறந்திருக்கலாம். மூன்றும் ஒன்றல்ல. கடைசி வகைதான் ஆபத்தானது. அதை அன்று மாலையே படிவத்தைப் புரட்டும்போது பிடித்தால் மறுநாள் அதே வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடலாம். மூன்று மாதம் கழித்து அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும்போது தெரிந்து பயனில்லை. அதைவிட மோசம், காலியான இடத்தில் 0 போடுவது. அந்தக் கணத்தில் 'தெரியாது' என்பது 'இல்லை' என்று ஆகிவிடுகிறது.

இரண்டு பேர் ஏன் அடிக்க வேண்டும்?

300 படிவம், படிவத்துக்கு 40 கட்டம் என்றால் 12,000 எண்கள். ஆயிரத்துக்கு ஐந்து தவறு என்றாலே 60 கட்டங்கள் போச்சு. அதனால் ஒரே படிவக் கட்டை இரண்டு பேர், ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாகத் தட்டச்சு செய்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளில் பலரும் பயன்படுத்தும் எபிடேட்டா என்ற இலவச மென்பொருள் டென்மார்க்கில் உருவானது. அது இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டு, எந்த வீட்டில் எந்தக் கட்டத்தில் வித்தியாசம் என்று பட்டியல் தரும். பட்டியலை வைத்துக்கொண்டு காகிதத்தைத் திறந்து பார்க்க வேண்டும். 'இதுதான் சரியா இருக்கும்' என்று ஊகித்துத் திருத்தினால் இரண்டு முறை அடித்ததற்கே அர்த்தமில்லை. செலவு இரட்டிப்பாகும் என்பதால் பல இடங்களில் பத்தில் ஒரு பங்கு படிவத்தை மட்டும் மறுபடி அடித்துப் பார்த்து, தவறு குறைவாக இருந்தால் விட்டுவிடுகிறார்கள்.

இந்த முறை பிடிப்பது விரல் செய்யும் தவறை மட்டும்தான். குழியை ஏக்கராக மாற்றச் சொல்லி இரண்டு பேருக்கும் ஒரே தவறான சூத்திரத்தைக் கொடுத்திருந்தால், இருவரும் ஒரே தவறை அச்சு அசலாக அடிப்பார்கள். ஒப்பீட்டுப் பட்டியலில் ஒன்றும் வராது.

46 லட்சம் சாதிகள்

கோட்புக் இல்லாமல் போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் 2011-ல் தொடங்கிய சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு. 2021 செப்டம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தின்படி, 1931 கணக்கெடுப்பில் பதிவான சாதிகள் 4,147. 2011-ல் பதிவான பெயர்கள் 46 லட்சத்துக்கும் மேல். மகாராஷ்டிராவின் அதிகாரபூர்வப் பட்டியல்களில் இருப்பவை 494. பதிவானவையோ 4,28,677.

எண்பது ஆண்டுகளில் புதுசா இத்தனை சாதி முளைத்துவிடவில்லை. மக்கள் சொன்னதைக் கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி பதிந்தார். சாதி, உட்சாதி, குலம், குடும்பப் பெயர் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் வந்தன. கேரளாவின் மலபார் பகுதியில் மாப்பிள என்ற ஒரே பெயர் 40 விதமான எழுத்துக்கூட்டலில் பதிவாகி, 40 சாதிகளாக எண்ணப்பட்டதையும் அரசே அந்தப் பத்திரத்தில் சொன்னது. துத்திப்பட்டு, துத்திபட்டு பிரச்சினைதான், நாடு அளவில். கணக்கெடுப்புக்கு முன்பு சாதிகளின் பதிவேடு தயாரிக்கப்படவில்லை என்பதும் அதில் இருக்கிறது. இந்தத் தரவை இடஒதுக்கீட்டுக்குப் பயன்படுத்த முடியாது என்று அரசு வாதிட்டது.

2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இரண்டாம் கட்டத்தில் சாதியும் கேட்கப்பட இருக்கிறது. இந்த முறை பதிவு செல்போன் செயலியில். காகிதத்தை எண்ணாக்கும் அறை மறைந்து, கோடிங் நேராக வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. கையெழுத்துப் புரியாத சிக்கல் தீரும். ஆனால் வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு வீட்டில் சொல்லும் பெயர் திரையில் உள்ள பட்டியலில் இல்லையென்றால், கணக்கெடுப்பாளர் அடுத்து எதைத் தொடுவார், அருகில் உள்ள ஏதோ ஒரு பெயரையா, 'மற்றவை'யையா? காகிதம் இருந்தவரை திரும்பிப் பார்க்க மூலப் படிவம் என்று ஒன்று இருந்தது. செயலியில், வீட்டில் சொன்ன வார்த்தையையும் ஒரு தனிக் கட்டத்தில் சேமித்தால்தான் பின்னாளில் அதைத் திறந்து பார்க்க முடியும்.