‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்பது நோயறிதல் அன்று

டில்லியின் முனிர்க்கா, பேர் சராய் போன்ற பகுதிகளில் ஆய்வு மாணவர்கள் தங்கும் வாடகை அறைகளில், ஒவ்வொரு மே மாதமும் ஒரே தீர்ப்பு ஒலிக்கிறது: “கேஸ் கதம் ஹோ கயா.” அறை குளிரவில்லை என்றால் கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பினால் சரியாகிவிடும். சான்றில்லாத ஒரு வாக்கியத்தைக் கருத்தரங்கில் எவரும் கடக்க விடாத ஆய்வாளர்கள்கூட, இந்த வாக்கியத்தைக் கேட்டதும் பணப்பையைத் திறந்துவிடுகின்றனர்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு சொல்லே காரணம். சமையல் எரிவாயுவும் ‘கேஸ்’, குளிர்பதன வாயுவும் ‘கேஸ்’. முன்னது எரிந்து தீரும். பின்னது ஏசிக்குள் எரிக்கப்படுவதே இல்லை. ஏசியின் செப்புக் குழாய்களுக்குள் அது திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிவருகிறது, அவ்வளவுதான். அமைப்பு மூடப்பட்டது. அளவு குறைந்திருந்தால் அதன் பொருள் ஒன்றே: எங்கோ கசிகிறது. ஆகவே, கசிவைக் குறிப்பிடாத கேஸ் மதிப்பீடு, நோயைக் குறிப்பிடாத மருந்துச் சீட்டுக்கு ஒப்பானது.

இதில் பணத்தைவிடப் பெரிய விளைவு ஒன்றும் இருக்கிறது. 11 மாத வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் சிறு பராமரிப்பு குடியிருப்பவர் பொறுப்பு, பெரும் பழுது உரிமையாளர் பொறுப்பு. ‘கேஸ் நிரப்புதல்’ என்று எழுதினால் அது பராமரிப்பாகிவிடுகிறது. ‘ஆவியாக்கிச் சுருளில் கசிவு’ என்று எழுதினால் பழுதாகிறது. பெயர் மாறும்போது செலவைச் சுமக்கும் தோளும் மாறுகிறது. இவ்வாண்டு ஒரு மாணவர் நிரப்புகிறார், அடுத்த ஆண்டு வேறொருவர் நிரப்புகிறார். ஓட்டை மட்டும் குடிபெயர்வதில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு மதிப்பீட்டைக் கொள்வோம். இன்வெர்ட்டர் அல்லாத பழைய 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசி. காற்று வருகிறது, குளிர் இல்லை. கேஸ் நிரப்ப ரூ. 3,200, கெப்பாசிட்டர் ரூ. 1,100, தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்ய ரூ. 700, மொத்தம் ரூ. 5,000. பேரம் பேசத் தெரிந்தவர் 4,500க்கு இறக்கி மகிழ்வார். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி தொகையைப் பற்றியது அன்று. முதல் இரண்டு வரிகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே.

கெப்பாசிட்டர் செயலிழந்தால் கம்ப்ரசர் ஓடத் தொடங்காது. உள்ளே விசிறி மட்டும் சுழலும். கம்ப்ரசர் ஓடாத நிலையில் கேஜ் காட்டும் அழுத்தம் பெரும்பாலும் அன்றைய வெப்பநிலையையே சொல்கிறது, வாயுவின் அளவை அன்று. மூடிய கலத்தில் திரவம் சிறிதேனும் எஞ்சியிருக்கும்வரை, ஆவியழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை என்பது இளநிலை இயற்பியல். அப்படியானால், கம்ப்ரசரே ஓடாத ஏசியில் வாயு சற்றுக் குறைந்திருப்பது எவ்வாறு அறியப்பட்டது? முறையான வரிசை வேறு. முதலில் ஃபில்டரையும் சுருளையும் சுத்தம் செய்து, கெப்பாசிட்டரை மாற்றி, கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். பின்னர் ஏசி இழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் வெளியிடும் காற்றின் வெப்பநிலையையும் அளக்க வேண்டும். உள்ளே செல்வது 30 பாகை, வெளிவருவது 19 பாகை என்றால் ஏசி தன் வேலையைச் செய்கிறது, ரூ. 3,200க்கான வரி அங்கேயே விழுந்துவிடுகிறது. பொதுவாக 8 முதல் 12 பாகை வரை வேறுபாடு இருக்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் சற்றுக் குறையலாம்.

எஞ்சுவது கெப்பாசிட்டர் வரி. கடையில் அதன் விலை சில நூறு ரூபாய்தான். மாற்றும் கூலியையும் வந்துபோகும் செலவையும் சேர்த்தால் 1,100 கொடுமையான தொகை அன்று. பழையதன் மீது அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவையும் மல்டிமீட்டர் காட்டும் அளவையும் ஒப்பிட்டுக் காட்டச் சொல்வதும், கழற்றியதைத் திரும்பப் பெறுவதும் போதும். மாறாக, இன்வெர்ட்டர் ஏசிக்குக் ‘கம்ப்ரசர் கெப்பாசிட்டர்’ என்று எழுதித் தந்தால் ஐயம் கொள்ளலாம். அந்தக் கம்ப்ரசரை இயக்குவது மின்னணுப் பலகை.

வாயு உண்மையாகவே குறைந்திருக்கும் ஏசிகளும் உண்டு. அங்கே நேர்மையான வேலைக்குத் தெளிவான படிகள் உள்ளன: குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை தேடுதல், நைட்ரஜன் அழுத்தத்தில் சோப்பு நீர் இட்டுக் கசிவைக் கண்டறிதல், அடைத்தல், வேக்கம் பம்ப்பால் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுதல், இறுதியாக எடை பார்த்து நிரப்புதல். வெளிப்புற அலகின் தகட்டில் வாயுவின் வகையும், எத்தனை கிலோ என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து முன்னும் பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு உள்ளே சென்றது என்பது தெரிந்துவிடும். தராசு இல்லாமல், பிஎஸ்ஐ கணக்கில் விலை சொல்வது அளவையே மறைக்கிறது. குழாய் சுவருக்குள் புதைந்து, கசிவும் மிக மெதுவாக இருந்தால், கூடுதலாக நிரப்பி ஒரு பருவத்தைக் கடத்துவது நியாயமான தேர்வாகலாம். ஆனால் அது தற்காலிக ஏற்பாடு என்று மதிப்பீட்டிலேயே எழுதப்பட வேண்டும்.

வாரண்டியிலும் இதே சொல்விளையாட்டு நடக்கிறது. ‘கேஸுக்கு 30 நாள் வாரண்டி, கசிவுக்குப் பொருந்தாது’ என்பார்கள். கசிவைத் தவிர வாயு வெளியேற வேறு வழி இல்லை. எனவே அந்த வாரண்டி எதற்குமே பொருந்தாது. வாரண்டி தரப்பட வேண்டியது அடைக்கப்பட்ட இணைப்புக்கும் மாற்றப்பட்ட உதிரிபாகத்துக்கும். எந்தப் பாகம், எத்தனை மாதம், கூலி அடங்குமா என்ற மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். பில் தர மறுப்பதையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கைகளுள் ஒன்றாக வரையறுக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இங்கே வளாகங்களில் கேட்கும் இரு குரல்களுக்கு மறுமொழி தேவை. “மெக்கானிக்குகள் எல்லோரும் திருடர்கள்” என்பது முதலாவது. “உழைப்பாளியிடம் கணக்குக் கேட்பது வர்க்கத் திமிர்” என்பது இரண்டாவது. இரண்டும் ஒரே சிக்கலைத் தவறவிடுகின்றன. ‘பரிசோதனை இலவசம்’ என்று விளம்பரம் செய்யும் அமைப்பில், வெயிலில் வந்து, மொட்டைமாடி ஏறி, பழுதைக் கண்டறிபவரின் அறிவுக்குக் கூலி இல்லை. பாகம் விற்றால்தான், கேஸ் நிரப்பினால்தான் வருமானம். ‘உங்கள் ஏசியில் ஃபில்டர் மட்டுமே அடைத்திருக்கிறது’ என்று உண்மை சொல்பவர் அன்று வெறுங்கையோடு திரும்புகிறார். பொய்யை மட்டும் விலைகொடுத்து வாங்கிவிட்டு, உண்மை கிடைக்கவில்லை என்று புலம்புவதில் பொருளில்லை.

மொத்தத் தொகையில் 500 ரூபாய் குறைக்கும் பேரம் உழைப்பாளியின் கூலியைத்தான் வெட்டுகிறது. வரிவரியாகக் காரணம் கேட்பது அதை வெட்டுவதில்லை. எனவே வருகைக் கட்டணத்தையும் பரிசோதனைக் கட்டணத்தையும் முறையாகக் கொடுத்துவிட்டு, கசிவு எங்கே என்ற கேள்விக்கு விடையில்லாத கேஸ் வரிக்குப் பணம் தர மறுப்பதே நியாயம். அறிவுக்குக் கூலி கேட்டுப் போராடும் ஆய்வு மாணவர்களுக்கு, மொட்டைமாடியில் நிற்பவரின் அறிவுக்கும் கூலி உண்டு என்பது எளிதில் விளங்க வேண்டும்.