பொருட்பதிவேட்டில் இல்லாத விஷயங்கள்

எங்கள் பாடசாலை ஆய்வுகூட உதவியாளர் போன தவணையோடு ஓய்வுபெற்றார். பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் அவர் "லேப் நானா". சாவிக்கொத்தையும் பொருட்பதிவேட்டையும் கையளித்தார். அதிபரும் கையொப்பமிட்டார். கணக்குப்படி பொறுப்பு அத்தோடு முடிந்தது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு நாற்பது பக்கக் கொப்பியைத் தந்தார்.

"சேர், ரெஜிஸ்டர்ல போத்தல் எத்தனைண்டு மட்டுந்தான் ஈக்கி. உள்ளுக்கு என்ன ஈக்கிண்டு இதுல எழுதி வெச்சீக்கன்."

வாங்கி மேசை இலாச்சிக்குள் வைத்தேன். வாசிக்கவில்லை. அது என் பிழை.

இரண்டு கிழமைக்குப் பிறகு உயர்தர மாணவருக்கு நியமிப்புப் பரிசோதனை. குடுவையில் லீற்றருக்கு 0.1 மூல் ஐதரோக்குளோரிக்கமிலம் 25 மில்லிலீற்றர். அளவியில் நாங்கள் புதிதாகத் தயாரித்த அதே செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டு. 25 அளவில் நிறம் மாற வேண்டும். பிள்ளைகளுக்கு வந்தது 28.4. கவனமில்லை என்று ஏசி, மூன்று தடவை செய்யவைத்தேன். எல்லோருக்கும் 28.3க்கும் 28.5க்கும் இடையில்தான் வந்தது. அப்போதுதான் உறைத்தது. கை பிழைத்தால் விடைகள் அங்குமிங்கும் சிதறும். எல்லாம் ஒரே பக்கமாகக் கூடினால் பிழை கரைசலில்.

கொப்பியைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது: "சோடியம் ஐதரொட்சைட்டு பெரிய போத்தல். வில்லைகள் ஒட்டிக் கட்டியாகிவிட்டன. நிறுவையை நம்ப வேண்டாம். ஒட்சாலிக்கமிலத்தோடு பார்த்துவிட்டுப் பாவிக்கவும்."

இந்தப் பொருள் காற்றிலுள்ள ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் இழுக்கும். ஒவ்வொரு தடவை மூடி திறக்கும்போதும் கொஞ்சம் நீரும் கொஞ்சம் காபனேற்றும் சேரும். லீற்றருக்கு 4 கிராம் என்று நாங்கள் சரியாகத்தான் நிறுத்தோம். ஆனால் நிறுத்த 4 கிராமும் சோடியம் ஐதரொட்சைட்டு அல்ல.

கொப்பியில் சொன்னபடி 3.15 கிராம் ஒட்சாலிக்கமிலப் பளிங்கைக் கரைத்து 500 மில்லிலீற்றர் ஆக்கினோம். அதில் 25 மில்லிலீற்றருக்கும் சரியான காரம் 25தான் தேவைப்பட வேண்டும். இதற்கும் 28.4 வந்தது. ஆகவே அமிலத்தில் பிழையில்லை. 25ஐ 0.1ஆல் பெருக்கி 28.4ஆல் பிரித்தால் 0.088. அந்த எண்ணைப் போத்தலில் எழுதி ஒட்டினோம். கரைசலைக் கொட்டத் தேவையிருக்கவில்லை. நான் ஏசிய பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

தராசைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: "போட்டு இருபது நிமிடம் விடவும். மேல்ஃபேன் ஓடினால் கடைசி இலக்கம் நிற்காது." நாங்கள் இத்தனை நாளும் ஃபேனுக்குக் கீழேதான் நிறுத்துக்கொண்டிருந்தோம்.

காலாவதியான போத்தல்களின் பக்கம்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. பதிவேட்டில் திகதி முடிந்தவை எல்லாம் ஒரே வரிசை. கொப்பியில் அவை மூன்று வகை. பொற்றாசியம் இருகுரோமேற்று: திகதி போய்விட்டது, ஆனால் உலர்ந்து நன்றாக மூடியிருப்பதால் வீச வேண்டாம். ஐதரசன் பேரொட்சைட்டு: திகதி இருக்கிறது, ஆனால் தானாகவே நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துவிடும், ஒரு சிட்டிகை மங்கனீசீரொட்சைட்டைப் போட்டு நன்றாக நுரைக்கிறதா என்று பார்த்துவிட்டே எடுக்கவும். மூன்றாவது, கீழ்த்தட்டின் மூலையிலுள்ள பழைய ஈதர் போத்தல். அதற்குச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "மூடியைச் சுற்றி வெள்ளைப் பளிங்கு. திருக வேண்டாம். அசைக்க வேண்டாம்."

திறந்து பாவித்த ஈதர் நாட்பட்டால் அதற்குள் பேரொட்சைட்டுகள் உண்டாகும். மூடியைத் திருகும் உராய்வே அவற்றை வெடிக்கவைக்கப் போதும். அடுத்த நாள் அலுமாரியைத் துப்புரவு செய்யப் பிள்ளைகளை விடுவதாக இருந்தேன். இன்று அந்த அறை பூட்டியிருக்கிறது. ஆபத்தான இரசாயனம் அகற்றத் தெரிந்தவர்கள் வரும்வரை திறக்கமாட்டோம் என்று அதிபர் எழுத்தில் அறிவித்திருக்கிறார்.

என் அபிப்பிராயம் இதுதான். ஆய்வுகூடப் பொறுப்பு மாறும்போது எண்ணிக்கைக்கு மட்டும் கையொப்பம் வாங்குவது போதாது. அந்தக் கொப்பியும் கையளிக்கும் ஆவணமாக வேண்டும். அதைக் கடைசி நாளில் எழுதச் சொல்லவும் கூடாது. அன்று மாலையும் தேநீரும்தான் நடக்கும். மூன்று மாதத்துக்கு முன்பே பொறுப்பெடுப்பவர் பக்கத்தில் நின்று, தட்டுத் தட்டாகக் கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு போத்தலுக்கும் மூன்று கேள்வி: எப்போது திறந்தது, இப்போது எப்படியிருக்கிறது, பாவிக்கமுன் எதைப் பார்க்க வேண்டும்.

எங்கள் நானா யாரும் கேட்காமலே எழுதினார். உங்கள் பாடசாலையில் அடுத்த வருடம் ஓய்வுபெறப் போகிறவரிடம் நாளைக்கே ஒரு கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கீழ்த்தட்டு மூலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.