மாப்பிள்ளையைக் கலாய்க்கத் தெரியலைன்னா மைக்கைத் தொடாதீங்க

1/ மாப்பிள்ளையைக் கேலி பண்ணக் கூடாதுன்னு சொல்ல வரல. கேலி இல்லாத கல்யாணம் எங்க நாஞ்சில் நாட்டுல உப்பில்லாத ரசம். நான் சண்டைக்கு வர்றது வேற ஆளுங்ககிட்ட. கையில மைக்கும் ஸ்னோ ஸ்ப்ரேயும் செல்போனும் வச்சுக்கிட்டு, ஏதாவது ஆனா "சும்மா ஜாலிக்குத்தான் டாக்டர்"னு தலையைச் சொறியுறவங்ககிட்ட. இழை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ வட்டக்கோட்டை தெரியும்தானே? கன்னியாகுமரிக்குப் பக்கத்துல, திருவிதாங்கூர் காலத்துக் கடற்கரைக் கோட்டை. இப்போ கல்யாண ஷூட்டுக்கு எல்லாரும் போற இடம். கல்யாணத்துக்கு மறுநாள் அங்க போன ஒரு மாப்பிள்ளை நேரா என்கிட்ட வந்தார். (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) பொண்ணோட சித்தப்பா பசங்க நாலு பேர் அவரைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சு வீடியோ எடுத்திருக்காங்க. மூணாவது தடவை பிடி நழுவிடுச்சு. கீழே கல்தரை. மனுஷன் விழும்போது கையை ஊன்றுவான், அது அனிச்சை. மொத்த எடையும் மணிக்கட்டுல இறங்கும். எக்ஸ்ரே எடுத்தா மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல ரேடியஸ் எலும்பு முறிஞ்சிருந்தது. வலது கை. மாவுக்கட்டு, 6 வாரம்.

3/ எலும்பு சேர்ந்திடும், அதை விடுங்க. வெளிய மாப்பிள்ளையோட அம்மா சொன்னதுதான் எனக்கு இன்னும் காதுல கேட்குது: "கை ஒடிச்சா எம்பிள்ளைய அனுப்புவாங்க?" பொண்ணு பக்கத்துலயே நின்னுச்சு. தூக்கிப் போட்ட பசங்க ரெண்டு நாள்ல ஊருக்குப் போயிட்டாங்க. அந்த மாவுக்கட்டு முன்னாடி 6 வாரம் சோறு பரிமாறினது அந்தப் பொண்ணு. கேலியோட பில் எப்பவும் கேலி பண்ணினவன் கைக்கு வர்றதில்ல.

4/ நம்ம ஊர்ல கேலிக்கு ஒரு இலக்கணம் உண்டு. யார் வேணும்னாலும் பண்ண முடியாது, முறை வேணும். கொழுந்தியா பண்ணலாம், மச்சினன் பண்ணலாம், பாட்டிமார் என்ன வேணும்னாலும் சொல்லலாம். மாமனாரும் மாமியாரும் பக்கத்துலயே வரமாட்டாங்க. மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940-ல கேலி உறவுகளைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதினார். ஒருத்தருக்குக் கேலி பண்ண வழக்கமே அனுமதி தருது, மத்தவர் கோபிச்சுக்கக் கூடாது. இது விரோதத்தையும் நட்பையும் கலந்து வச்ச ஒரு ஏற்பாடுங்கிறார். புதுசா ரெண்டு குடும்பம் சேரும்போது உள்ளுக்குள்ள ஒரு இழுபறி இருக்கும், அது வெளிய போக ஒரு ஜன்னல். முறையே இல்லாத மண்டபத்து டிஜே கையில அந்த ஜன்னலைக் குடுத்தா கல்லுதான் வரும்.

5/ நல்ல கேலி எப்படி இருக்கும்? பந்தியில பாருங்க. வெளியூர் மாப்பிள்ளை, இலையில பாயசம் விழுது. பப்படத்தையும் பழத்தையும் அதுல போட்டு நொறுக்கிப் பிசையணும்னு அவருக்குத் தெரியாது. டம்ளரைத் தேடுறார். கொழுந்தியா ஆரம்பிக்கும்: "அத்தானுக்கு ஸ்பூன் குடுங்க, கை வலிக்குமாம்." அவர் திருப்பி: "எங்க ஊர்ல பாயசத்தைக் குடிப்போம், இங்க என்ன கட்டடம் கட்டுறீங்களா?" பாட்டி நடுவுல புகுந்து, "முதல்ல பிசையட்டும், பொறவு பேசட்டும்"ம்பா. மொத்தப் பந்தியும் சிரிக்கும், மாப்பிள்ளையோட அம்மாவும் சேர்த்து.

6/ இது ஏன் ஒத்துப்போகுது? கேலி அவர் தெரியாத ஒரு பழக்கத்தைப் பத்தி, அவரைப் பத்தி இல்ல. நாளைக்கே அவர் பழகிடுவார், கேலி தானா காலாவதி. அவருக்குப் பதில் சொல்ல இடம் இருக்கு. அவர் அடிச்ச பதில் ஊர் மேல விழுது, யார் வீட்டு மேலயும் இல்ல.

7/ இப்போ மைக் ஆளுங்க: "மாப்பிள்ளை தலையில கிரிக்கெட் விளையாடலாம்!" டாக்டரா சொல்றேன், வழுக்கை பெரும்பாலும் மரபுவழி வர்றது, அப்பா பக்கம் அம்மா பக்கம் ரெண்டுலேருந்தும். நீங்க கலாய்ச்ச அதே தலையோட அவங்க அப்பாவும் தாய்மாமனும் முதல் வரிசையில உட்கார்ந்திருக்காங்க. உயரம், நிறம், பருமன் எல்லாம் இதே கதைதான். உடம்பைத் தொட்ட கேலி ஒத்தை ஆள் மேல விழாது, வரிசையா விழும். சம்பளம், சீர், பழைய காதல், "அடுத்த வருஷம் தொட்டில் எப்போ" எதையும் எடுக்காதீங்க. கடைசிக் கேள்வியைச் சிரிச்சுக்கிட்டே வாங்கி, பிறகு தனியா வந்து என் முன்னாடி அழுதவங்களை எண்ணி முடியாது.

8/ "அது வழக்கம் டாக்டர்"னு ஒரு சாக்கு இருக்கு. 2023-ல பாலக்காடு மாவட்டம் பல்லசனாவுல புகுந்த வீட்டுக்குள்ள கால் வைக்கப் போன பொண்ணோட தலையையும் மாப்பிள்ளை தலையையும் பின்னாலேருந்து ஒருத்தர் சேர்த்து முட்டினார். பொண்ணு அழுதுக்கிட்டே உள்ள போச்சு. வீடியோ பரவி, கேரள மகளிர் ஆணையம் தலையிட்டு, போலீஸ் வழக்கு வரைக்கும் போச்சு. அதுக்கும் சொன்ன பேரு வழக்கம்தான்.

9/ ஸ்னோ ஸ்ப்ரே: பல டப்பாக்கள்ல உந்துவாயு எரியக்கூடியது. டப்பா மேலயே நெருப்புப் படம் போட்டிருக்கும், படிங்க. மேடையில ரெண்டு குத்துவிளக்கு எரியுது. உட்காரும்போது நாற்காலியை இழுக்கிறது: வால் எலும்புல அடிபட்டா வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல உட்கார முடியாது. ஜூஸ்ல சரக்கு கலக்கிறது கேலியே இல்ல. அவர் வலிப்புக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுறாரான்னு உங்களுக்குத் தெரியுமா? கல்யாணத்தன்னைக்கு முக்கால்வாசி மாப்பிள்ளைங்க காலையிலேருந்து ஒழுங்கா சாப்பிட்டிருக்கவும் மாட்டாங்க.

10/ எல்லை தாண்டிட்டோம்னு எப்படித் தெரியும்? கண்ணைப் பாருங்க. டுஷேன்னு ஒரு பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே எழுதினார்: உதட்டை நம்ம இஷ்டத்துக்கு விரிக்கலாம், உண்மையான சிரிப்புலதான் கண்ணைச் சுத்தி இருக்கிற தசையும் சுருங்கும். (நல்லா நடிக்கத் தெரிஞ்சவங்க இதையும் பண்ணிடுவாங்க, அதனால இது மட்டும் போதாது.) இன்னொரு அடையாளம் இதைவிட நம்பகமானது: மாப்பிள்ளை பதில் சொல்றதை நிறுத்திட்டாரா? ரெண்டு கேலிக்குத் திருப்பி அடிச்சவர் மூணாவதுக்குச் சும்மா தலையாட்டினா அங்கேயே நிறுத்துங்க. அவங்க அம்மா சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டு சம்பந்தியம்மா முகத்தைப் பார்த்தா, நீங்க ஏற்கனவே லேட்.

11/ வாய் தவறிடுச்சுன்னா மைக்ல மன்னிப்பு கேட்காதீங்க. பின்வரிசைக்குக் கேட்காம போனதையும் நீங்களே கேட்க வச்சிடுவீங்க. முறை உள்ள பெரியவர் யாராவது கேலியைத் தன் மேல திருப்பிக்கட்டும். "என் கல்யாணத்துல நான் தாலியைத் தலைகீழா பிடிச்சேன்"னு ஒரு தாய்மாமன் சொன்னா போதும், கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிடும். பந்தி முடிஞ்சதும், சொன்னவர் தனியா மாப்பிள்ளையோட பெத்தவங்ககிட்டப் போகணும். மறுவீட்டுக்குள்ள முடிக்கணும், தள்ளிப்போட்டா அது குடும்பக் கதையாயிடும். வீடியோ எடுத்திருந்தா அதை முதல்ல அழிங்க, கேட்ட பிறகு இல்ல.

12/ "மாப்பிள்ளை ஸ்போர்ட்டிவா எடுத்துக்கணும்"னு கமெண்ட் போடப் போறவங்களுக்கு: மாலையும் பட்டுமா 500 பேர் முன்னாடி நிக்கிறவர் எழுந்து போகவும் முடியாது, திட்டவும் முடியாது. திருப்பி அடிக்க முடியாத ஆளை அடிக்கிறதுக்கு ஸ்போர்ட்டுன்னு எந்த ஊர்ல பேரு?

13/ தை மாசக் கல்யாணத்துக்கு மண்டபம் பேசப் போறவங்க ஒண்ணு பண்ணுங்க. டிஜேகிட்டயும் போட்டோகிராபர்கிட்டயும் முன்பணம் குடுக்கும்போதே சொல்லிடுங்க: மைக் யார் கையில இருக்கணும்னு வீட்டுலேருந்து ஒரு ஆள் சொல்லுவார், மாப்பிள்ளையைத் தூக்கிப் போடுற ஷாட் கிடையாது. அந்த ஒரு ஆள் ரெண்டு வீட்டுக்கும் வேண்டியவரா இருக்கட்டும். முடிஞ்சா கொழுந்தியாகிட்டயும் ஒரு வார்த்தை: பாயசம் வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்க.