உள்ளாடைக்குத்தான் வெயில் வேணும்

டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா, வாஷிங் மெஷின் மேல சோப்புத்தூள் பாக்கெட்டுக்குப் பக்கத்துல இன்னொரு பாட்டிலும் நிக்குது. துணியில இருக்கிற கிருமியைக் கொல்றதுக்காம். 2020-ல கொரோனா வந்த பிறகு பல வீட்டுல அது மாச மளிகைச் சிட்டையிலயே ஏறிடுச்சு. குழந்தை இருக்கிற வீடுன்னா கேக்கவே வேணாம், பள்ளிக்கூட யூனிபார்ம்ல இருந்து ஜன்னல் திரை வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரு மூடி ஊத்திடுறாங்க.

நோய் நொடி இல்லாத வீட்டுல தினப்படி துணிக்கு அது தேவையில்லைங்கிறது என் கட்சி. சோப்பு போட்டுக் கசக்கும்போது அழுக்கோட சேர்ந்து கிருமியும் துணியை விட்டுக் கழண்டு வருது. அலசுற தண்ணியில பெரும்பகுதி போயிடுது. மிச்சம் ஒட்டிக்கிட்டிருக்கிறதுல பலதுக்கு ஈரம் இல்லாம பிழைக்க முடியாது. துணி மொறுமொறுன்னு காஞ்சா அந்தக் கதையும் முடிஞ்சுது. சட்டை, புடவை, விரிப்புக்கெல்லாம் இதுவே போதும்.

எங்க பக்கம் முன்னாடி வெள்ளாவி வைப்பாங்க. உவர்மண் கரைச்ச தண்ணியில துணியை முக்கி எடுத்து, அடுப்புல கொதிக்கிற பானை மேல அடுக்கி, ராத்திரி பூரா ஆவியில வேக வைப்பாங்க. காலையில ஆத்துல அலசி மணல்ல விரிச்சுடுவாங்க. பிரசவ வீட்டுத் துணி, அம்மை போட்ட வீட்டுத் துணி எல்லாம் அப்படித்தான் போய் வந்துச்சு. காரம், சூடு, வெயில் மூணும் அதுல இருந்துச்சு. இப்ப நாம சூட்டையும் வெயிலையும் விட்டுட்டு பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டோம்.

வெயிலுக்கும் வரம்பு இருக்கு. கிருமியைக் கொல்ற கதிர் துணியோட மேல்பக்கத்துலதான் படும். மடிப்புக்குள்ள, இடுப்புப் பட்டிக்குள்ள, ஜீன்ஸ் தையலுக்குள்ள எட்டாது. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ள போட்டா அந்தக் கதிர்ல வீரியமான பங்கு கண்ணாடியிலயே நின்னுடும். அதனால உடம்புல படுற உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஒத்தையா, ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம போடணும். மத்தியானம் ஒருதரம் திருப்பிப் போடணும். காஞ்சுதான்னு பாக்க நடுத்துணியைத் தொடாதீங்க, பட்டியையும் அக்குளையும் விரலால நசுக்கிப் பாருங்க. அங்க சில்லுன்னு இருந்தா இன்னும் காயலை.

கிராமத்துலயும் சரி, பிளாட்டுலயும் சரி, வெயில் ரொம்பத் தேவைப்படுற துணிதான் வெயிலே பாக்காம காயுது. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். வேட்டியும் சேலையும் ராஜா மாதிரி கொடியில ஆடும். உள்ளாடை பாத்ரூம் குழாய்ல தொங்கும், இல்லாட்டி பாவாடைக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். மாதவிடாய்க்குத் துணி வைக்கிற பொம்பளைங்க நிலைமை இன்னும் மோசம். மாட்டுக்கொட்டகை இடுக்குலயும் கட்டிலுக்கு அடியிலயும் காயப் போடுறாங்க. அரை ஈரத்தோட எடுத்துத் திரும்பவும் பயன்படுத்த வேண்டியிருக்கு. ஆம்பளை இதையெல்லாம் எழுதலாமான்னு சிலர் கேப்பீங்க. கொடி கட்டுறது ஆம்பளை, அது எங்க கட்டணும்னு அவனுக்கும் தெரியணும்ல.

இனி அந்த பாட்டிலுக்கு வர்றேன். அது வேலையே செய்யாதுன்னு நான் சொல்லலை. ஆனா பெரும்பாலான வீட்டுல சோப்புத்தூளோட சேர்த்தே ஊத்துறாங்க. லேபிள்ல பென்சல்கோனியம் குளோரைடுன்னு போட்டிருந்தா, அதுக்கும் சாதாரண சோப்புத்தூளுக்கும் ஆகாது. ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு மருந்தோட வீரியம் செத்துப்போகும். நுரை போற வரைக்கும் அலசிட்டு, கடைசித் தண்ணியில லேபிள்ல போட்ட அளவு ஊத்தி, போட்ட நேரம் ஊற விடணும். வேற வகை மருந்துக்கும் லேபிள் சொல்ற அளவும் நேரமும்தான் கணக்கு. முக்கி உடனே எடுத்தா துணியில வாசனை மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு வீட்டுக் கதையைச் சொன்னா விளங்கும். ஐப்பசி மழையில நடவு வேலை. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பிக்குத் தொடை இடுக்குல படர்தாமரை வந்துச்சு. நாள் பூரா சேத்துல, ஈரக் கைலியோட நின்னா வராம என்ன செய்யும்? வீட்டுல நாலு பேருக்கும் ஒரே துண்டு. ரெண்டு மாசத்துல பொண்டாட்டிக்கும் மூத்த பையனுக்கும் வந்துடுச்சு. மெடிக்கல்ல கேட்டு வாங்கின களிம்பு போட்டா அரிப்பு அடங்கும், விட்டா முன்னைவிடப் பெருசா படரும். அந்தக் களிம்புல ஸ்டீராய்டு கலந்திருந்துச்சு. துணிக்குக் கிருமிநாசினியும் ஊத்திக்கிட்டுத்தான் இருந்தாங்க, சோப்புத்தூளோட ஒரே பக்கெட்டுல.

கடைசியில தோல் டாக்டர்கிட்ட போனாங்க. மூணு பேருக்கும் ஒரே நேரத்துல வைத்தியம், அரிப்பு நின்ன பிறகும் சொன்ன நாள் வரைக்கும் மருந்து. அதோட துணி விஷயத்தையும் மாத்தினாங்க. ஆளுக்கொரு துண்டு. உள்ளாடை, கைலி, துண்டு மூணையும் மத்த துணியோட சேக்காம தனியா வெந்நீர்ல ஊறப் போட்டாங்க. கொதிக்கிற தண்ணி மூணு பங்கு, பச்சைத்தண்ணி ரெண்டு பங்கு கலந்தா 70 டிகிரிக்குப் பக்கத்துல வரும். துணி போட்டதும் கொஞ்சம் இறங்கும். 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. கையை விடாம கம்பால அமுக்கி, மூடி வச்சு அரைமணி நேரம் விட்டு, அப்புறம் சோப்பு போட்டுத் துவைச்சாங்க. ரப்பர் பட்டி சீக்கிரம் தளரும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. காஞ்ச பிறகு பட்டி, தையல் மேல சூடான இஸ்திரி. படர்தாமரைப் பூஞ்சையோட வித்து வறட்சியைத் தாங்கிக் கிடக்கும், அதனால இதுல ஒருநாள் வெயிலை மட்டும் நம்ப முடியாது. துணியை வெந்நீர்ல போட்டது திரும்ப ஒட்டாம இருக்கத்தான், நோய் தீர்ந்தது மருந்தால. அந்த வீட்டுல இப்ப யாருக்கும் இல்லை.

ஆக, வெந்நீர் தாங்காத துணியா இருந்து, வீட்டுல தொத்து நோயும் இருந்தா அந்த பாட்டில் உதவும். வாந்தி பேதிக்குன்னா அதையும் முழுசா நம்பக் கூடாது. பேதி கொண்டுவர்ற சில வைரஸ் இந்த வகை மருந்துக்கு லேசுல சாகாது. அசுத்தத்தை முதல்ல வழிச்செடுத்துட்டு வெந்நீர்ல போடுறதுதான் நல்லது. மழைக்காலத்து ஈரவாடைக்கும் பாட்டில்தான் மருந்துன்னு நினைக்கிறாங்க. துணி ரொம்ப நேரம் ஈரமா கிடக்க, அதுல பாக்டீரியா பெருகித்தான் அந்த வாடை வருது. நல்லா பிழிஞ்சு, இடைவெளி விட்டு, ஃபேனுக்கு அடியில போட்டு, சீக்கிரம் காய வச்சா வாடை பெரும்பாலும் வராது. துவைச்சு முடிஞ்ச துணியை மெஷினுக்குள்ளயே ராத்திரி விட்டுவைக்காதீங்க, மெஷின் மூடியையும் திறந்து வைங்க.

பிளாட்டுல பால்கனிக்கு ரெண்டு மணி நேரம்தான் வெயில் வருதுன்னு சொல்றவங்க நிறைய. அந்த ரெண்டு மணி நேரத்தை பெட்ஷீட்டுக்குக் குடுக்காதீங்க, அது காத்துலயே காஞ்சுக்கும். துண்டு, சாக்ஸ், உள்ளாடை, மாதவிடாய்த் துணிய முன்வரிசைக் கொடியில போடுங்க. எதிர்வீட்டுக்காரங்க பாப்பாங்கன்னு கூச்சமா இருந்தா, அவங்க பக்கம் அந்த பெட்ஷீட்டைத் தட்டி மாதிரி கட்டி விட்டுடுங்க, வெயில் வர்ற பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும்.