‘வணக்கம்’ வெற்றுச் செய்தியா?

“வெறும் வணக்கம் மட்டும்தான் ஐயா. விடயம் ஒன்றும் எழுதவில்லை. அதனால் முடித்துவிட்டோம்.”

பொதுமக்களின் கேள்விகளுக்கு வாட்ஸ்அப் மூலம் பதில் சொல்லும் ஓர் அலுவலகத்தில் இளம் உத்தியோகத்தர் ஒருவர் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஒன்று மட்டும் திருந்தும், மற்றவை தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று இருந்துவிடும். அவர் ‘முடித்துவிட்ட’ செய்தி டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கும், எழுபதை நெருங்கும் ஓர் அம்மையாருடையது. பேரனின் கைத்தொலைபேசியிலிருந்து தம் வாழ்நாளில் அவர் அனுப்பிய முதல் செய்தி அது. ஒரே சொல்: வணக்கம்.

அதற்கு ஒரு நொடியில் பதில் போயிருக்கிறது. மூன்று மொழிகளில் நல்வரவு, அதன்கீழ் ஒன்று முதல் ஒன்பது வரை சேவைகளின் பட்டியல், உரிய இலக்கத்தை அனுப்பவும் என்ற கட்டளை. அம்மையார் எதையும் அனுப்பவில்லை. மறுநாள் மாலை மீண்டும் ‘வணக்கம்’ என்று அனுப்பினார். இம்முறை அந்தப் பட்டியல்கூட வரவில்லை.

ஏன் வரவில்லை என்று விசாரித்தேன். வாட்ஸ்அப்பின் வணிகச் செயலியில் தானாகப் போகும் வரவேற்புச் செய்தி ஒருவர் முதன்முறை எழுதும்போது போகும். அதன்பின் 14 நாட்கள் இருதரப்பிலும் பேச்சே இல்லாமல் இருந்தால்தான் மறுபடி போகும். ஆகவே இரண்டாவது வணக்கத்துக்குப் பதில் சொல்ல இயந்திரத்துக்கு உத்தரவில்லை. மனிதருக்கு உத்தரவு இருந்தது, ஆனால் அவர் அதில் விடயத்தைத் தேடினார், கிடைக்கவில்லை, மூடிவிட்டார். ஒரு கிழவி இரண்டு முறை கதவைத் தட்டியிருக்கிறார். முதல் முறை விலைப்பட்டியலைப் போன்ற ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இரண்டாம் முறை யாரும் எழுந்தே வரவில்லை.

வணக்கத்தில் விடயம் இல்லை என்று சொல்பவர்களோடுதான் என் சண்டை.

மலையகத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இது தெரியும். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கப்படும். அங்கே தொழிலாளி தானாகப் பேச்சைத் தொடங்குவதில்லை. தோட்டத்து ஆபீசுக்கு ஒரு தேவையாகப் போனால் வாசலில் நின்று “சலாமுங்க தொரை” என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். துரை நிமிர்ந்து பார்த்து “என்ன?” என்று கேட்ட பிறகுதான் வாய் திறக்கலாம். கங்காணி, கணக்கப்பிள்ளை, கண்டக்டர் எல்லோரிடத்திலும் இதே ஒழுங்குதான். நாற்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கு அதிகாரத்தின் முன்னால் பேசும் இலக்கணம் இப்படித்தான் கற்பிக்கப்பட்டது: முதலில் வணக்கம், பிறகு மௌனம், அனுமதி கிடைத்தபின் காரியம். 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதன் மிச்சத்துக்காகக் காகிதம் ஏந்தி நின்ற சமூகம் இது. அலுவலக வாசலில் காத்திருப்பது அவர்களுக்குப் பாரம்பரியச் சொத்தாகிவிட்டது.

அப்படிப்பட்டவர் அனுப்பும் ‘வணக்கம்’ என்ற சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா? என் செய்தி வந்து சேர்ந்ததா? நான் பேசலாமா? ஒன்பது சேவைகளின் பட்டியல் இந்த மூன்றில் எதற்கும் பதில் அல்ல.

* * *

அதே அம்மையாரின் மூன்றாவது வணக்கம் வேறோர் இடத்துக்குப் போனது. ஹட்டனில் சில இளைஞர்கள் ஓய்வு நேரத்தில் முதியவர்களுக்குக் கடிதம் வாசித்துச் சொல்வது, படிவம் நிரப்புவது போன்ற உதவிகளைச் செய்கிறார்கள். பக்கத்து லயத்தில் யாரோ அவர்களுடைய எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அன்று பதில் சொன்ன பெண்ணின் பக்கத்தில் நான் அமர்ந்திருந்தேன்.

அவள் தட்டச்சு செய்யவில்லை. குரலில் பதில் அனுப்பினாள். “வணக்கம் அம்மா. ஹட்டன்ல இருந்து பேசுறேன். நீங்க அனுப்புனது வந்து சேந்துருச்சு. நீங்க எந்தத் தோட்டம்மா? எழுத வேணாம், பேசியே அனுப்புங்க.” அவ்வளவுதான். பத்து விநாடி இருக்கும். மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இருந்தது. அவள் திருப்பிக் கேட்டதோ ஒரே ஒரு கேள்வி, அதுவும் யாரும் யோசிக்காமல் பதில் சொல்லக்கூடியது.

செய்திக்குக் கீழே ஒற்றைச் சரிக்குறி விழுந்து நின்றது. “ஒத்தக் குறின்னா இன்னும் போய்ச் சேரல ஐயா. மலை இடுக்குல சிக்னல் இருக்காது, இல்லாட்டி பேரன் போனை எடுத்துட்டு வெளிய போயிருப்பான்” என்றாள். இரவு ஏழு மணிக்கு இரட்டைக் குறியாகி, பிறகு மைக்குப் படமும் நீலமாயிற்று. கேட்டுவிட்டார். ஆனால் பதில் இல்லை. அவசரக்காரர்கள் இங்கேதான் தவறுவார்கள். ‘என்ன உதவி வேண்டும்?’, ‘இருக்கிறீர்களா?’ என்று அடுக்கடுக்காக அனுப்புவார்கள். முதியவருக்கு அது அதட்டலாகக் கேட்கும். அவள் பேசாமல் இருந்தாள். இருபது நிமிடம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. நீளம் இரண்டு விநாடி. மூச்சுச் சத்தமும், தூரத்தில் ஒரு குழந்தையின் குரலும்.

“உங்க சத்தம் கேட்டுச்சும்மா, நல்லாத்தான் செஞ்சீங்க. அந்த மைக்குப் படத்துல விரல வச்சுக்கிட்டே பேசுங்க. பேசி முடிச்ச பொறகு எடுங்க” என்றாள். விரலை எடுத்தவுடன் பதிவு நின்று போய்விடும் என்பது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? தவறு செய்துவிட்டீர்கள் என்று தொடங்கியிருந்தால் அத்தோடு கைத்தொலைபேசி பேரனிடம் திரும்பப் போயிருக்கும்.

மூன்றாவது பதிவில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் வந்தன. நான்காவதில்தான் காரியம் வந்தது. பணம் சம்பந்தமாக ஒரு கடிதம் வந்திருக்கிறது, சிங்களத்தில் இருக்கிறது, வீட்டில் எவருக்கும் வாசிக்கத் தெரியாது. பேரன் படம் எடுத்து அனுப்பினான். பிறப்புச் சான்றிதழிலும் தேசிய அடையாள அட்டையிலும் பெயர் வேறுபடுகிறது, உரிய ஆவணங்களுடன் நேரில் வரவும் என்று எழுதி ஒரு தேதி குறிக்கப்பட்டிருந்தது. அந்தத் தேதிக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.

வெறும் வணக்கம் என்று மூடப்பட்ட செய்திக்குள் இருந்த விடயம் இதுதான்.

* * *

‘எந்தத் தோட்டம்?’ என்ற கேள்வியை உபசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டத் தொழிலாளியின் பதிவேடுகள் எல்லாம் தோட்டத்தின் பெயரில்தான் தொடங்குகின்றன. ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளியின் பங்காக 12 சேர்ந்து வளர்வது அந்தப் பணம். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஓய்வுபெற்று அதைக் கேட்கலாம். ஆனால் தோட்டங்கள் 1970-களில் அரசுடைமையாகி, 1992-இல் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஒரே மலையில், ஒரே கூடையோடு வேலை செய்த பெண்ணுக்கு முதலாளிகள் பல பேர். போதாக்குறைக்கு, பல தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் மக்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயரும் உண்டு. ஆகவே தோட்டம், டிவிஷன், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், முதியவர் தம் கதையைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போவார். தேவையான தகவல்கள் தாமாக வந்து விழும். ‘உமது அங்கத்துவ இலக்கம் என்ன?’ என்று முதலில் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். அந்த உத்தியோகத்தரே சொன்னார்: “தினமும் நூற்றுக்கணக்கில் காலை வணக்கப் படங்கள் வருகின்றன ஐயா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முடியுமா?” நியாயம். ஆனால் ரோஜாப்பூப் படத்துக்கும் தட்டுத்தடுமாறி எழுதிய ஒரு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாதா? பூப்படத்தில் பெரும்பாலும் பிறர் அனுப்பியதை அப்படியே அனுப்பியதற்கான குறி இருக்கும், அதே ஆள் நாள்தோறும் அனுப்புவார். முன்பின் எழுதியிராத எண்ணிலிருந்து, சொந்தமாக எழுதிய ஒற்றைச் சொல் வந்தால் அது கதவு தட்டும் ஓசை. அதற்குத் தேவை இரண்டு வாக்கியங்கள். அதையும் தள்ளிப்போட இயலாது. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் வாட்ஸ்அப் அமைப்பில், ஒருவர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் சுதந்திரமாகப் பதில் எழுதலாம். அதன்பின் முன்கூட்டி அனுமதி பெற்ற வாசகங்களை மட்டுமே அனுப்ப முடியும். நாளை பார்க்கலாம் என்று விட்டால் மனிதக் குரலில் பேசும் வழியே அடைபட்டுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வணக்கத்துக்கு உடனே, அன்பாக, அழகாகப் பதில் சொல்லத் தெரிந்த ஒரு கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. முதியவர்களின் பணத்தைத் திருடுகிறவர்கள் அவர்கள். “வணக்கம் அம்மா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டு, பிறகு குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தைச் சொல்லச் சொல்வார்கள். நேர்மையான அலுவலகம் பட்டியலை நீட்டுகிறது, திருடன் நலம் விசாரிக்கிறான். அந்த அம்மா யாரை நம்புவார்?

ஆகவே கனிவுக்கும் எல்லை வேண்டும். ஹட்டன் பெண் அன்று அடையாள அட்டை இலக்கத்தையோ வங்கிப் புத்தகத்தையோ கேட்கவில்லை. தொலைபேசிக்கு வரும் எந்த இலக்கத்தையும் யார் கேட்டாலும், தான் கேட்டாலும், சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்தாள். நேரில் வந்து பார்த்துக்கொள்ள ஓர் இடத்தையும் சொன்னாள். கடிதத்தின் படத்தை வாசித்து முடித்ததும் என் கண்முன் அழித்தாள்.

சில வணக்கங்களுக்குள் எந்தக் காரியமும் இராது என்பதும் உண்மை. பேரன் பழக்கிக் கொடுத்தான், அனுப்பிப் பார்த்தேன் என்பார்கள். அதனால் என்ன? “நல்லதும்மா, தேவைன்னா எப்ப வேணும்னாலும் பேசுங்க” என்று சொல்லி விட்டுவிடலாம். மறுபடி ஒரு கடிதம் வரும் நாளில் அந்த எண் நினைவுக்கு வரும்.

அந்த அம்மையார் குறித்த நாளுக்கு முந்தின நாளே ஆவணங்களோடு போய்ச் சேர்ந்துவிட்டார். பெயர்ச் சிக்கல் தீர இன்னும் சில நடைகள் இருக்கின்றன. வாசலில் நின்று வணக்கம் சொல்லிவிட்டுக் காத்திருந்தாராம். உள்ளே ஒருவர் நிமிர்ந்து பார்த்து “என்னம்மா?” என்று கேட்டாராம்.

அந்த நிமிர்தலைத்தான் வாட்ஸ்அப் எண்ணை நடத்துகிறவர்களிடமும் கேட்கிறேன்.