தோம்பில் இல்லாத வீடு: இடப்பெயர்வும் நினைவின் படிமமும்

புலம்பெயர்ந்தோர் கலையை ஊர்மீதான ஏக்கம் என்று மட்டும் வாசிப்பது போதாது. ஓவியர் தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ (2011) என்னும் நூல் இதற்குத் தக்க சான்று.

தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இலங்கையில் பேணிய நிலப்பதிவேடு. அப்பெயர் தாங்கிய இந்நூலில், போரால் இடம்பெயர்ந்த 80 பேர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைகின்றனர். அது பின்னர் அளவுக்குட்பட்ட கட்டடக்கலைக் கோட்டுப்படமாகிறது. இறுதியில் ஓவியரின் பாஸ்டல் ஓவியமாகிறது.

ஆய்வாளர் நின்று நோக்க வேண்டியது முதற்படத்தையே என்பது என் கருத்து. கைவரைவில் அளவு பிழைபடலாம். எனினும் எது பெரிதாயிற்று, எது விடுபட்டது என்பதே நினைவு இயங்கிய தடம். அளவைத் திருத்தும் கோட்டுப்படம் வீட்டைத் தெளிவாக்குகிறது, அத்தடத்தை அழிக்கிறது.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். நிலம் கைவிட்டுப்போன பின்னர், கிணறும் மரமும் போன்ற உள்ளூர்ப் பொருள்களே அந்நிலத்தைச் சுட்டி நிற்கின்றன. முதற்பொருள் கருப்பொருளுக்குள் ஒடுங்கும் இம்மாற்றத்தைத் திணைக்கோட்பாட்டின்வழி விளக்கலாம். ஆயினும் விடுபட்டது மறதியாலா, சொல்ல விரும்பாமையாலா என்பதைப் படம் தனித்துக் காட்டாது. வரைந்தவர் கூற்றோடு ஒப்பிட்ட பின்னரே முடிவுகூறல் தகும்.